ஸ்டீமரா, ஸ்டீம் அயனா?



அண்மையில் உக்குவளைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரச் சகோதரி ஆசிரியை. கிழமையில் ஐந்து நாளும் அவருக்குச் சேலை, கந்தோருக்குப் போகும் கணவருக்கு ஐந்து சேர்ட், இரண்டு பிள்ளைகளுக்கும் வெள்ளைச் சீருடை. "இனி அயன் மேசையே வேண்டாம் என்று ஸ்டீமர் வாங்கினேன். பிள்ளையின் கவுன் மடிப்பு நிற்கவேயில்லை" என்று குறைப்பட்டார்.

ஸ்டீமரில் குறையில்லை. அதன் வேலை வேறு. நீராவி நூலை இளக்குகிறது, துணியின் பாரத்தில் சுருக்கம் விழுந்துவிடுகிறது. ஆனால் மடிப்பு நிற்க வேண்டுமானால், இளகிய நூலைச் சூட்டோடு அழுத்தி, அப்படியே காய வைக்க வேண்டும். அழுத்தம் ஸ்டீமரில் இல்லை. அதனால்தான் சீருடை மடிப்பும் சேர்ட் கொலரும் அதற்கு அடங்குவதில்லை.

ஜோர்ஜெட், சிஃபோன், பட்டுச் சேலைகளுக்கு ஸ்டீமர் நல்ல கைதான். சேலையை உயரமான கம்பியில் தொங்கவிட்டு, உட்புறத்திலிருந்து, துணியில் முட்டாமல் மேலிருந்து கீழே பிடியுங்கள். முதலில் தெறிக்கும் தண்ணீர்த் துளிகளை வெளியே போகவிட்ட பிறகே சேலைப் பக்கம் திருப்ப வேண்டும். பட்டில் துளி பட்டால் வட்டக் கறை தங்கிவிடும். உடுத்திய பிறகு "இந்தக் கொசுவத்தை மட்டும்" என்று உடம்பில் வைத்துப் பிடிக்கவே வேண்டாம், தோல் வெந்துவிடும். கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கும் இது ஆகாது. நீராவி பட்டதும் கஞ்சியின் விறைப்பு தளர்ந்துவிடும்.

இன்னொன்று, கையில் பிடிக்கும் சிறிய ஸ்டீமர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 கிராம் தண்ணீரை ஆவியாக்கும். கால் லீற்றர் தாங்கி பத்து நிமிடத்தில் காலி. ஒரு சேலைக்குச் சரி, ஐந்து சேர்ட்டுக்கு எங்கே போவது?

சேர்ட்டை அரை ஈரத்தில் அயன் பண்ணுங்கள். கொலரை நுனியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் சுருக்கம் நுனியில் சேரும். சீருடை மடிப்புகளை மேலும் கீழும் ஊசி குத்திப் பிடித்து அழுத்தி, சூடு ஆறும்வரை தூக்காதீர்கள். பொலியெஸ்டர் கலந்த துணியென்றால் இரண்டு புள்ளிச் சூடு போதும். ஒரு புள்ளியில் வைத்து ஸ்டீமைத் திறந்தால், தண்ணீர் ஆவியாகாமல் சொட்டும். அது அயன் பழுதல்ல, சூடு போதாமைதான்.

தம்புள்ளை, கலேவெலப் பக்கக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதை ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து துவாரங்கள் அடைபடும். வெள்ளைச் சீருடையில் மங்கலான பொட்டுகள் விழத் தொடங்குவதே அடையாளம். குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு போத்தலை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள். வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் என் தெரிவு அயன்தான். ஸ்டீம் இல்லாத பழைய அயனும் ஈரத் துணியும் இருந்தாலும் பாதகமில்லை. அந்தச் சகோதரி இப்போது ஞாயிறு காலையில் சேர்ட்டையும் சீருடையையும் ஒரே சூட்டில் அயன் பண்ணி முடிக்கிறார். ஸ்டீமர் பட்டுச் சேலை அலுமாரிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.