நேற்று வரை நண்பர்... இன்று ஷிஃப்ட் இன்சார்ஜ்!

பெரம்பலூர், அரியலூர் வட்டார சிமென்ட் ஆலைகளில் சூளையை இயக்குவது கன்ட்ரோல் ரூம்தான். அங்கே ஆபரேட்டராக இருந்தவர் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆனதும் பெரும்பாலும் சறுக்குவது ஓரிடத்தில்: பழைய நாற்காலியை விட மனசு வராது.

'ஃப்ரீ லைம்' ஏறினால், அதாவது கிளிங்கரில் வேகாத சுண்ணாம்பு அதிகம் மிஞ்சினால், "நகரு மாப்ள, நான் பார்த்துக்கிறேன்" என்று அவரே எரிபொருளைக் கூட்டிவிடுவார். அடுத்த முறை நண்பர் எதையும் தொடமாட்டார். தொட்டதற்கெல்லாம் போன் வரும். பொறுப்பு கைமாறவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

வேலையை ஒப்படைக்கும்போதே எல்லையையும் சொல்லிவிட வேண்டும். "ஃப்ரீ லைம் 1.5 சதவிகிதம் வரைக்கும் முடிவு உன்னோடது. அடுத்தடுத்து 2 சாம்பிள்ல அதைத் தாண்டினா என்னைக் கூப்பிடு." இந்த அளவு ஆலைக்கு ஆலை மாறும். எல்லைக்குள் நண்பர் வேறு வழியில் சரிசெய்தால், உதாரணமாக எரிபொருளைக் கூட்டாமல் ஃபீடைக் குறைத்தால், குறுக்கிடக் கூடாது. ஷிஃப்ட் முடிந்ததும் தனியாகக் காரணம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால், பராமரிப்புக்காகச் சூளைக்குள் ஆள் இறங்கும் பர்மிட் வேறு கதை. அதற்கு அதிகாரம் பெற்றவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். நட்புக்காக அதை யாரிடமும் தள்ளிவிட முடியாது.