ஏஜெண்டுக்காகக் காத்திருக்காதீங்க

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு ஒரு அக்கா பாலிசியைக் காட்டினாங்க. "சேமிப்பு"னு சொல்லி மாதம் 300 ரிங்கிட்டுக்கு வித்தது, முதலீட்டோடு இணைந்த ஆயுள் காப்புறுதி. கைக்கு வந்து 11 நாள். நம் நாட்டில் 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஏஜெண்டோ, "நானே கேன்சல் பண்றேன், அடுத்த மாசம் வரை பொறுங்க"ங்கிறாராம். பொறுத்தா நாள் போயிடும். அவர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம்ங்கிறது என் கருத்து. திங்கட்கிழமையே கம்பெனியில் கடிதமும் பாலிசியும் கொடுத்து, நகலில் தேதியோட சாப்பு வாங்கச் சொன்னேன். யூனிட் விலை இறங்கியிருந்தா பணம் கொஞ்சம் குறையும்.

புகார் முதல்ல கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு. பதில் சரியில்லேன்னா பேங்க் நெகாராவுக்கு. "ஏமாத்திட்டான்"னு எழுதாம, எந்தத் தேதியில் என்ன சொன்னார்னு அவர் வார்த்தையிலேயே எழுதுங்க. வாட்ஸ்அப் செய்தியையும் இணைங்க.