நிற்கும் செயற்கைக்கோள் சுற்றுவதாக நம்பினால் என்ன ஆகும்? ஜப்பானின் 'ஹிட்டோமி' சிதறிய கதை

2016 மார்ச் 26, ஜப்பான் நேரப்படி அதிகாலை 4 மணி 10 நிமிடம். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஹிட்டோமி என்ற எக்ஸ்ரே தொலைநோக்கி செயற்கைக்கோள், தான் மணிக்கு 21.7 டிகிரி வேகத்தில் திரும்பிக்கொண்டிருப்பதாக முடிவு செய்தது. ஆனால், அது உண்மையில் திரும்பவே இல்லை.

இந்த ஒரு தப்புக் கணக்கு, ஆறரை மணி நேரத்தில் அந்த செயற்கைக்கோளை துண்டு துண்டாக உடைத்தது. ஏவப்பட்டு 40 நாள்கூட ஆகாத திட்டம் அது. ஜப்பான் விண்வெளி முகமையான ஜாக்ஸா மட்டும் அதற்கு சுமார் 3,100 கோடி யென் செலவழித்திருந்தது.

ஒரு செயற்கைக்கோள் தன் திசையை எப்படித் தெரிந்துகொள்கிறது? அதில் எங்கே தப்பு நடக்கிறது?

சூரியனைப் பார்த்தால் போதாதா?

விண்வெளியில் மேல், கீழ் கிடையாது. அதனால் செயற்கைக்கோள் வெளியே உள்ள ஏதாவது ஒன்றைப் பார்த்துத்தான் திசை அறிய வேண்டும். கண்ணில் படும் முதல் அடையாளம் சூரியன்.

சன் சென்சார் எனப்படும் சூரிய உணரி மிக எளிமையான கருவி. அதில் சாதாரண வகை, சின்ன சோலார் செல்தான். வெயில் நேராக விழுந்தால் அதிக மின்சாரம் வரும். சாய்வாக விழுந்தால் குறையும். பல பக்கங்களில் பொருத்திய செல்களின் மின்சார அளவை ஒப்பிட்டால், சூரியன் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. குடையின் காம்பை சூரியனை நோக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது குடையைச் சுழற்றுங்கள். காம்பு சூரியனைப் பார்த்தபடியேதான் இருக்கும், ஆனால் குடை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியிருக்கலாம். சூரியனை மட்டும் பார்க்கும் செயற்கைக்கோளின் நிலையும் இதுதான். சோலார் பேனலில் வெயில் படுகிறதா என்று பார்க்க இது போதும். தொலைதூர கேலக்ஸியை குறிபார்க்கப் போதாது.

நட்சத்திரங்கள் எப்படி வழி சொல்கின்றன?

அதற்காகத்தான் ஸ்டார் டிராக்கர். இது ஒரு கேமரா. வானத்தைப் படம் எடுக்கும், படத்தில் தெரியும் நட்சத்திரங்களுக்கு இடையிலான கோண இடைவெளிகளை அளக்கும், பிறகு தன் நினைவகத்தில் உள்ள நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிடும். சில நட்சத்திரங்கள் சேர்ந்து உருவாக்கும் வடிவம் பொருந்திவிட்டால், கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். ஒரு டிகிரியை 3,600 பங்காகப் பிரித்தால், அதில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும்.

ஆனால் இந்தக் கண்ணும் அவ்வப்போது மூடிக்கொள்ளும். பூமி குறுக்கே வந்தால் நட்சத்திரம் தெரியாது. சூரிய ஒளி உள்ளே விழுந்தால் கூசும். செயற்கைக்கோள் வேகமாகத் திரும்பினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும்.

அந்த இடைவெளியில் கைகொடுப்பது ஜைரோ. ஜன்னல் திரையை மூடிய இரவுப் பேருந்தில், வண்டி எத்தனை முறை திரும்பியது என்று எண்ணியே ஊரைக் கணிப்பது போன்றது இது. ஜைரோ வெளியே பார்க்காது. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று மட்டும் சொல்லும். அதிலும் ஒரு சின்ன பிழை எப்போதும் இருக்கும், நேரம் போகப் போக அது சேர்ந்துகொண்டே வரும். எனவே ஸ்டார் டிராக்கர் நட்சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஜைரோவின் பிழை எவ்வளவு என்று கணினி கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளும்.

ஹிட்டோமியில் என்ன நடந்தது?

அன்று அதிகாலை ஹிட்டோமி ஒரு இலக்கை விட்டு இன்னொரு கேலக்ஸியை நோக்கித் திரும்பி முடித்திருந்தது. ஸ்டார் டிராக்கர் மறுபடியும் நட்சத்திரங்களைப் பிடித்தது. அப்படிப் பிடித்த உடனே, ஜைரோ பிழையின் மதிப்பீடு சிறிது நேரம் எகிறிவிட்டு பிறகு சரியான அளவுக்கு இறங்கும். அது வழக்கம்தான்.

ஆனால் அன்று, அது இறங்குவதற்குள் ஸ்டார் டிராக்கர் நட்சத்திரங்களைத் தவறவிட்டது. எகிறிய எண் அப்படியே தங்கிவிட்டது. அந்த எண்தான் மணிக்கு 21.7 டிகிரி.

திரும்பாத செயற்கைக்கோள், தான் திரும்புவதாக நம்பி, அதை நிறுத்த உள்ளே இருக்கும் சக்கரங்களை எதிர்ப்பக்கம் சுழற்றியது. விளைவு, அப்போதுதான் அது நிஜமாகவே திரும்பத் தொடங்கியது.

சில நிமிடங்களில் ஸ்டார் டிராக்கர் மீண்டும் சரியான திசையைச் சொன்னது. அப்போ பிரச்னை தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஸ்டார் டிராக்கர் சொல்வதற்கும் கணினியின் கணக்குக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஸ்டார் டிராக்கரை நம்ப வேண்டாம் என்பது கணினிக்குத் தரப்பட்டிருந்த விதி. மணிக்கு 21.7 டிகிரி என்றால், மூன்று நிமிடத்துக்குள்ளேயே ஒரு டிகிரி தாண்டிவிடும். அதனால் சரியான சாட்சி நிராகரிக்கப்பட்டது, தப்பான கணக்கு ஜெயித்தது.

சூரிய உணரி ஏன் காப்பாற்றவில்லை?

இங்கேதான் முக்கியமான கேள்வி. சோலார் பேனல்கள் சூரியனை விட்டு விலகிக்கொண்டிருந்தன. சூரிய உணரியைக் கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும். ஆனால் 'நாம் சூரியனை விட்டு விலகிவிட்டோமா' என்று சோதிக்க, ஹிட்டோமியின் கணினி உணரியை நேரடியாகக் கேட்கவில்லை. தன் சொந்தக் கணக்கையே திரும்பக் கேட்டது. கணக்கே தப்பு என்பதால், 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்றே பதில் வந்தது.

சக்கரங்கள் தாங்கும் எல்லையை நெருங்கியதும், செயற்கைக்கோள் கடைசி வழியாக சிறு ராக்கெட் உந்திகளைப் பயன்படுத்தியது. அவற்றுக்காக சில வாரங்களுக்கு முன் அனுப்பப்பட்ட கட்டளை எண்கள் தவறானவை, சரியாகச் சோதிக்கப்படாதவை. சுழற்சியை நிறுத்த வேண்டிய உந்திகள் அதை இன்னும் வேகமாக்கின. காலை சுமார் 10:40 மணிக்கு சோலார் பேனல்கள் பிய்ந்து போயின. ஏப்ரல் 28-ம் தேதி ஜாக்ஸா மீட்பு முயற்சியைக் கைவிட்டது.

சந்திரயான்-1 செய்தது என்ன?

இதற்கு நேர்மாறான சம்பவம் 2009-ல் நம்ம சந்திரயான்-1 விண்கலத்தில் நடந்தது. அதில் நட்சத்திர உணரியே பழுதாகிவிட்டது. இஸ்ரோ விஞ்ஞானிகள் ஜைரோவை ஓட்டிக்கொண்டே, அதன் பிழையைச் சரிபார்க்க வேறு சாட்சிகளைத் தேடினார்கள். ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற தகவலையும், நிலவின் குறிப்பிட்ட இடங்களின் படங்களையும் வைத்து விண்கலத்தின் திசையைக் கணித்தார்கள். ஆகஸ்ட் 29-ல் தொடர்பு அறுபடும் வரை இப்படித்தான் ஓட்டினார்கள்.

நட்சத்திரக் கண்ணை இழந்த சந்திரயான்-1, வெளியே வேறு அடையாளங்களைப் பார்த்துச் சமாளித்தது. ஹிட்டோமியில் அந்தக் கண் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, கணினிதான் அதை நம்பவில்லை. ஹிட்டோமிக்கு மாற்றாக ஜப்பான் தயாரித்த எக்ஸ்ரிசம் விண்ணுக்குப் போக, 2023 செப்டம்பர் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.