கட்டியை அகற்றிய பின் எழும் கேள்வி

அட்ரினல் சுரப்பியில் தோன்றிய ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி அகற்றப்பட்டு, படபடப்பும் தலைவலியும் நீங்கி, இரத்த அழுத்தம் சீரானதும் நோயாளி நிம்மதியோடு வீடு திரும்புகிறார். அந்த நிம்மதி நியாயமானதே. ஆயினும், இக்கட்டி ஏன் வந்தது என்று மரபணுவில் தேடிப் பாராதவரை சிகிச்சை முற்றுப்பெறவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1886ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் 18 வயதுப் பெண்ணொருத்தி திடீர்ப் படபடப்பும் தலைவலியும் கண்டு உயிரிழந்தாள். பிணக்கூறாய்வில் இரு அட்ரினல் சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்தன. மருத்துவர் ஃபிரேங்கல் எழுதிய அக்குறிப்பே இந்நோயைப் பற்றிய முதல் பதிவாகக் கருதப்படுகிறது. 121 ஆண்டுகளுக்குப் பின், 2007இல், அவளுடைய குடும்ப வழியினரை ஆய்வாளர்கள் தேடிச் சென்றனர். உயிரோடிருந்த உறவினர் சிலரிடம் ‘ரெட்’ என்னும் மரபணுவில் பிறழ்வு காணப்பட்டது. இளம் வயது, இரு பக்கமும் கட்டி ஆகிய இரண்டுமே பரம்பரைக் காரணத்தைச் சுட்டும் அடையாளங்கள் என்பதை இன்று நாம் அறிவோம்.

இந்நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே அமைந்த மரபணுப் பிறழ்வு உள்ளது. “எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லையே” என்று சொல்வதால் அதனை மறுத்துவிட இயலாது. சில பிறழ்வுகள் ஒரு தலைமுறையில் மறைந்திருந்து அடுத்ததில் வெளிப்படும். ‘எஸ்டிஎச்டி’ மரபணுவின் பிறழ்வு தந்தைவழி வந்தால்தான் பெரும்பாலும் நோயாகிறது. தாய்வழி வந்தவர் நலமாகவே வாழ்வார், ஆனால் அவர் ஆணாயின் அவருடைய பிள்ளைகளுக்கு நோய் வரக்கூடும்.

நம் பகுதியில் பலர் சொந்தத்தில் மணந்ததே காரணம் என்று வருந்துகின்றனர். அது சரியன்று. பெற்றோரில் ஒருவரிடம் ஒரு பிறழ்வு இருந்தாலே போதும்; அந்நியத்தில் மணந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதில் எவர் மீதும் பழி இல்லை.

நடைமுறையைப் பார்ப்போம். திருவானைக்காவலில் வாழும் 30 வயதுத் தாய் ஒருவருக்குக் கட்டி அகற்றப்பட்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் சோதிக்கப்பட வேண்டியவர் அவரே. ஆலோசனைக்குப் பின் சிறிது இரத்தம் எடுக்கப்படுகிறது. ‘ரெட்’ மரபணுவின் 634ஆம் இடத்தில் பிறழ்வு தெரிகிறது. இனி அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். மூத்த மகனிடம் அப்பிறழ்வு இருப்பின், தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் வரும் முன்பே, 5 வயதிற்குள் தைராய்டை அகற்ற மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. 11 வயது முதல் ஆண்டுதோறும் இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் அளவைப் பார்க்க வேண்டும். இளைய மகளிடம் அது இல்லையெனில், அவளுக்கு ஆண்டுச் சோதனைகள் ஒருபோதும் தேவையில்லை. அந்த விடுதலையும் பரிசோதனை தரும் பயனே. தங்கையிடம் இருந்தால், அவர் கருவுறும் முன்பே மெட்டாநெஃப்ரின் பார்க்கப்பட வேண்டும். அறியப்படாத கட்டியோடு பிரசவத்திற்கோ மயக்க மருந்திற்கோ உள்ளாவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மெட்டாநெஃப்ரினுக்கான இரத்தத்தை 20 முதல் 30 நிமிடங்கள் படுத்திருந்த பின்னரே எடுப்பது நல்லது. உட்கார்ந்து கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டி வீண் அச்சம் தரலாம். உட்கொள்ளும் மருந்துகளையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மரபணுப் பரிசோதனைக்கும் எல்லைகள் உண்டு. சில வேளைகளில் ‘பொருள் தெளிவற்ற மாற்றம்’ என்று அறிக்கை வரும். அதனை நோய் என்று கொள்ளக் கூடாது. அதனை வைத்து உறவினரைச் சோதிக்கவும் கூடாது. எதுவும் காணப்படாவிட்டாலும் நோயாளிக்குத் தொடர் கண்காணிப்பு அவசியம்.

பெண்ணின் வரன் கெடும் என்று அஞ்சி அறிக்கையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோர் உள்ளனர். அவ்வச்சம் நமக்குப் புரியாததன்று. ஊரெங்கும் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் துபாயில் உள்ள அண்ணனுக்கும் ஸ்ரீரங்கத்தில் உள்ள சித்தி மகனுக்கும் தெரியாமல் போனால், நாளை அவர்கள் வேறொரு சிறு அறுவைக்காகப் படுக்கும்போது மயக்க மருத்துவருக்கும் தெரியாது. ஆகவே அறிக்கையின் நகலை நோயாளி பத்திரப்படுத்துவதோடு, இரத்த உறவினர் ஒவ்வொருவரிடமும் ஒரு நகலைக் கொடுத்துத் தம் மருத்துவரிடம் காட்டச் சொல்வதே அவருடைய கடமை என்பது எமது துணிபு.