கடைக்கணக்கு: நூறு டப்பா இனிப்பு, நாலு கணக்கு

நாகர்கோவிலில் ஒரு மருந்து ஏஜென்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முதலாளி 100 டப்பா இனிப்பு வாங்குகிறார். முந்திரிக்கொத்தும் லட்டும் அடங்கிய டப்பா, வரி சேர்த்து 400 ரூபாய். மொத்த பில் 40,000. கணக்குப் பிள்ளை 'தீபாவளிச் செலவு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். சிக்கல் அங்கேதான்.

வருமான வரியில் செலவாகக் கழிக்க வேண்டுமானால், அது முழுக்க முழுக்கத் தொழிலுக்கானதாக இருக்க வேண்டும். ஆகவே டப்பா யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

ஊழியர்களுக்கு 12 டப்பா, 4,800 ரூபாய். இது ஊழியர் நலச் செலவு, கழிக்கலாம். இனிப்புக்குப் பதில் கவரில் பணம் கொடுத்திருந்தால் அதைச் சம்பளத் தலைப்பில் எழுத வேண்டும். ஊழியரின் சம்பள வருமானத்திலும் அது சேரும்.

சரக்கு எடுக்கும் மெடிக்கல் ஷாப்புகளுக்கு 60 டப்பா, 24,000 ரூபாய். இது விற்பனை ஊக்குவிப்பு; இதையும் கழிக்கலாம். எந்தக் கடைக்கு எத்தனை என்ற பட்டியல் பில்லோடு இருக்க வேண்டும். பட்டியல் இல்லையென்றால் வீட்டுக்குப் போன டப்பா எது, கடைக்குப் போனது எது என்று காட்ட வழியில்லை.

சொந்தக்காரர்களுக்கு 20 டப்பா, 8,000 ரூபாய். இது முதலாளியின் சொந்தச் செலவு. முதலிலிருந்து எடுத்ததாகத்தான் எழுத வேண்டும்.

மீதி 8 டப்பா, 3,200 ரூபாய், டாக்டர்களுக்கு. வியாபாரத்துக்காகத்தானே கொடுத்தோம் என்று தோன்றும். ஆனால் மருந்து நிறுவனங்களிடம் டாக்டர்கள் பரிசு வாங்க மருத்துவக் கவுன்சில் விதி தடை போட்டிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ் என்று கொடுத்த செலவைக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரி 22-ல் தீர்ப்பு வந்தது. வாங்குபவரின் நடத்தை விதி தடுக்கும் பரிசு, கொடுப்பவரின் செலவாகாது என்று அந்த ஆண்டே சட்டத்திலும் விளக்கம் சேர்த்தார்கள்.

ஆக, 40,000-ல் கழிவது 28,800 மட்டும். மீதி 11,200 லாபத்தோடு சேர்ந்துவிடும்.

இன்னும் இரண்டு இடத்தில் கை நழுவும். பேக்கரிக்கு 40,000 ரூபாயையும் ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அந்த 28,800-ம் போய்விடும். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழில் செலவு பொதுவாகக் கழியாது. நாலு பில்லாகப் பிரித்தாலும் அன்றைய கூட்டுத்தொகைதான் கணக்கு. வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது ஜி.எஸ்.டி. இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பேக்கரி பில்லில் உள்ள வரியை மாத ரிட்டர்னில் வரவாக எடுக்காமல், இனிப்பின் விலையோடு சேர்த்தே எழுத வேண்டும்.

ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் டப்பா வாங்கும் கடைகளுக்கும் இதே கணக்குதான். டப்பாவைக் கொடுக்கும்போதே பெயரை எழுதி வைத்தால், மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்கும்போது யோசிக்க வேண்டியிருக்காது.