வாழ்த்துக்குப் பின்னால் வரும் இரண்டாவது வரி

பேங்க்கில் ப்ரமோஷன் லிஸ்ட் வரும் நாளில் நம்மாட்கள் வாழ்த்துகிற அழகைப் பார்க்கணுமே! முதல் வரி எல்லோருக்கும் ஒன்றுதான், "வாழ்த்துகள் சார்". வில்லங்கமெல்லாம் இரண்டாவது வரியில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவருக்கு ஸ்கேல் மூன்றிலிருந்து நான்கு, அதாவது சீஃப் மேனேஜர் ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டை விட்டு வந்து நாக்பூர் பக்கம் ஒரு கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அன்றைக்கு அவருக்கு வந்ததில் சில: "இந்த வருஷம் வேகன்சி ஜாஸ்தி, நினைச்சேன் வரும்னு." "உங்களுக்கு இந்தி சரளமா வரும், இன்டர்வியூல அதுதான் தூக்கிவிட்டிருக்கும்." "போர்டுல யார் சார் இருந்தாங்க?"

மூன்றையும் தள்ளி நின்று பாருங்கள். மூன்றும் காரணம் சொல்கின்றன. மூன்றிலும் அந்த மனிதர் செய்த வேலை மட்டும் காரணத்தில் இல்லை. வேகன்சி, பாஷை, போர்டு எல்லாம் இருக்கிறது, ஆளைக் காணோம். பொறாமை இப்படித்தான் வரும். திட்டிக்கொண்டு வராது, விளக்கம் சொல்லிக்கொண்டு வரும்.

"உண்மையைத்தானே சொன்னேன்?" என்பார்கள். இருக்கட்டுமே. வேகன்சி அதிகம் என்றால் பரீட்சை எழுதிய எல்லோருக்கும்தான் அதிகம். ப்ரமோஷன் பாலிசியை அலச வேண்டுமா, அடுத்த மாதம் டீக்கடையில் தாராளமாக அலசுங்கள். லிஸ்ட் வந்த அன்றைக்கே அதைச் சொல்வது அலசல் இல்லைங்க, கழித்தல்.

இன்னும் இரண்டு வகை உண்டு, இவை பாசம் மாதிரியே இருக்கும். ஒன்று, "நீங்கல்லாம் எப்பவோ டி.ஜி.எம். ஆகியிருக்கணும் சார், இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" கேட்பவருக்கு வாங்கின ப்ரமோஷன் மறந்து, இரண்டு தடவை தவறிப்போனதுதான் ஞாபகம் வரும். மற்றொன்று, "நமக்கெல்லாம் எங்க சார் கிடைக்கப்போகுது." உடனே அவர், "அடுத்த தடவை நிச்சயம் வந்துடும்" என்று நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். அவருடைய நாளை நாம் பிடுங்கிக்கொண்டோம், அவ்வளவுதான்.

"மனசு சுத்தமா இருந்தா வாழ்த்து தானா வரும்" என்று உபதேசம் செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே லிஸ்டுக்கு இருவரும் எழுதி, ஒருவர் பெயர் மட்டும் வந்தால் மற்றவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரிச்சல் ஆறட்டும் என்று காத்திருந்தால் வாழ்த்தவே மாட்டோம். எரிகிறதா, எரியட்டும். அது வாக்கியத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்கு வழி, நம் கண்ணால் பார்த்த அவருடைய வேலை ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்வது. அந்த நண்பர் பொறுப்பேற்றபோது கிளையில் வாராக்கடன் குவிந்து கிடந்தது. 2015 செப்டம்பரிலிருந்து நமக்கு இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு. அவர் அந்தச் சனிக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு கடன்காரர்களின் கிராமங்களுக்குப் போவார். தவணை தவறி 90 நாள் ஆனால் வாராக்கடன். இவர் இரண்டாவது தவணை தவறும்போதே வாசலில் போய் நிற்பார். அதே லிஸ்டில் பெயர் வராமல் போன அவருடைய பேட்ச்மேட் அனுப்பிய மெசேஜ் இது:

"லிஸ்ட்ல உன் பேர் பார்த்தேன்டா. ரொம்ப சந்தோஷம். அந்தக் கிளையில சனிக்கிழமை சனிக்கிழமையா நீ அலைஞ்சதைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். என்னைக்கு ரிலீவ் ஆகறே?"

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை பாருங்கள். குரூப்பில் பத்தோடு பதினொன்றாகப் போடாமல், தனியாக, அன்றைக்கே அனுப்பியிருக்கிறார். கடைசிக் கேள்வியும் சும்மா இல்லை. நம் வேலையில் ப்ரமோஷன் வந்தால் பெரும்பாலும் ஊர் மாற்றமும் கூடவே வரும். பையன் பத்தாவது படிக்கிறானே, குடும்பத்தை எங்கே வைப்பது என்ற கவலை அவருக்கு அன்றிரவே ஆரம்பித்துவிடும். ரிலீவ் எப்போது என்று கேட்டால் அதைப் பற்றிப் பேச ஒரு வாசல் திறக்கும்.

பக்கத்திலிருந்து பார்க்கவில்லை, அவர் வேலையைப் பற்றி எதுவும் தெரியாது என்றால் என்ன செய்வது? முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "வாழ்த்துகள் சார்" என்பது முழு வாக்கியம்தான். இரண்டாவது வரி எழுதியே ஆக வேண்டும் என்று எந்த சர்க்குலரும் சொல்லவில்லை.