கட்டபொம்மன் நம்ம ஊருக்கு வந்த கதை



போன வாரம் ராஜபாளையத்தில் என் பேரன் படிக்கும் பள்ளியில் மாறுவேடப் போட்டி. மூன்றாம் வகுப்புப் பையன், கட்டபொம்மன் வேடம். 1959-இல் வந்த சிவாஜி படத்தின் வசனத்தை மகள் மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் போனதும் கர்ஜித்துக் காட்டினான். முடித்ததும், "தாத்தா, கிஸ்தின்னா என்ன?" என்றான்.

அந்த வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. நானும் அதற்கு ரசிகன்தான். ஆனால் அது சினிமாவுக்காக எழுதியது. நடந்த கதை நம் ஊர் வழியாகவே போகிறது.

கிஸ்தி என்றால் தவணையாகக் கட்டும் வரி. 1798-இல் அந்தப் பாக்கி விஷயமாகக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை நேரில் வரச் சொன்னார். வந்தவரைப் பார்க்காமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கட்டபொம்மனும் பின்னாலேயே போனார். 23 நாள், சுமார் 400 மைல் அலைச்சல். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் பார்க்க முடிந்தது. அங்கும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரித்தார்கள். பிறகு கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் இறந்தார், கட்டபொம்மன் தப்பினார். விசாரணைக்குப் பின் ஜாக்சன் பதவி போனது.

இதைச் சொன்னதும் பையன், "நம்ம சேத்தூருக்கா வந்தாரு?" என்று கண்ணை விரித்தான். இருவரும் உட்கார்ந்து எட்டே வாக்கியம் எழுதினோம்: "நான் கட்டபொம்மன். கலெக்டர் கூப்பிட்டார், வந்தேன். குற்றாலத்தில் பார்க்கவில்லை. சேத்தூரிலும் பார்க்கவில்லை. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிறேன். இங்கேயும் பார்க்கவில்லை. என் கால் வலிக்கவில்லை. மனசுதான் வலிக்கிறது."

மகளுக்குச் சம்மதமில்லை. "கத்தலைன்னா பரிசு கிடைக்காதுப்பா" என்றாள். அவள் சொன்னதே நடந்தது.

ஆனால் ஒன்று கவனித்தேன். சினிமா வசனம் பேசிய ஒரு குழந்தைக்கு நடுவில் ஒரு சொல் மறந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தது, மறுபடி அதே இடத்தில் நின்று அழுதுவிட்டது. என் பேரனும் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டான். ஆனால் அடுத்த ஊர் தெரியுமே, போய்க்கொண்டே இருந்தான். பசை காய்ந்து மீசை விழுந்தபோதும் நிறுத்தவில்லை.

பெற்றோராகிவிட்ட என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒத்திகையில் பாதியில் நிறுத்தி, "இப்ப எங்க நிக்கிறீங்க? யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால் பிள்ளை அந்த மனிதராகிவிட்டது. திருதிருவென்று விழித்தால் வேடம் மட்டும்தான் போட்டிருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் முகம் பதித்து, "இந்த ரோட்லதான் நடந்தாரா தாத்தா?" என்றான். குதிரையிலும் வந்திருப்பார், ரோடும் அப்போது இப்படி இருந்திருக்காது என்றேன். ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.